கருப்பு நிறத்துக்கு எந்தக் கலர், எந்தத் துணி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் பிளவுசும் பஞ்சாபி சூட்டும் தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் துணியோடு வருகிறவர்கள் அளவைப் பற்றிக் கேட்பதைவிடக் கலரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிற பலரும் நல்ல கருப்பு அல்லது கரும்பழுப்பு நிறம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

அக்கா, நான் நல்ல கருப்பு. பளிச்சுனு கலர் போட்டா இன்னும் கருப்பா தெரிவேனா?

தெரிய மாட்டீர்கள். கருமையான தோலை மங்கலாக்குவது மங்கலான கலர்தான். சாம்பல் கலந்த ரோஸ், மண் கலர், வெளிறிய பாசி இவையெல்லாம் சாம்பல் பூசியது போன்றவை. முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சாம்பல் தோலிலும் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். தெளிவான கலர் பக்கத்தில் இருந்தால் தோலும் தெளிவாகத் தெரியும்.

நம் வீடுகளில் “கருப்பா இருக்கிற பிள்ளைக்கு லைட் கலர் எடு” என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு அழகான கலர்கள் கைக்கே வராமல் போய்விட்டன. கலர் வெளிர்ந்ததா அடர்ந்ததா என்பது இரண்டாவது கேள்வி. அது சுத்தமாக இருக்கிறதா, அழுக்குப் படிந்தது போல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படின்னா எந்தெந்தக் கலர்? பேரோட சொல்லுங்க.

ஆழ்ந்த கலர்களில் மரகதப் பச்சை, ராமர் பச்சை, மயில்கழுத்து, அரக்கு, நாவல்பழம், கத்தரிப்பூ. நீலத்தில் ராயல் நீலமும் எம்.எஸ். நீலமும். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் அந்தப் பட்டு நீலத்துக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. பளிச்சென்ற கலர்களில் வாடாமல்லி, மிளகாய்ப்பழச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, செம்பருத்தி.

முகத்துக்குப் பக்கத்தில் தள்ளி வைக்க வேண்டியது முக்கியமாக ஒரு வகைதான்: உங்கள் தோலின் அதே அடர்த்தியில் இருக்கிற பழுப்பு. தோல் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தக் கலர் பிடித்திருந்தால் பாவாடைக்கோ கால்சட்டைக்கோ எடுங்கள், கழுத்தருகே வேறு கலர் வரட்டும்.

கடையில எல்லா ஆழ்ந்த கலரும் இருட்டாதான் தெரியுது. எது நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

துணியை எடுத்துக்கொண்டு கடை முன்னால் இருக்கும் அஞ்சடிக்கு வாருங்கள். வெயில் நேராக விழாத, ஆனால் வானம் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். உச்சி வெயிலில் எந்தக் கலரும் நன்றாகத்தான் தெரியும். கடை விளக்கில் நீலமும் கத்தரிப்பூவும் ஏமாற்றும்.

ஒரு துணியை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரே கலரில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வேண்டுமென்றால் அரக்கு ஒன்று, மிளகாய்ச் சிவப்பு ஒன்று. ஒவ்வொன்றையும் தாடைக்குக் கீழே, கழுத்தெலும்பு மூடும்படி பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். அப்போது துணியைப் பார்க்காதீர்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம், தாடையின் ஓரம், உதட்டின் ஓரம் இந்த மூன்றையும் பாருங்கள். பொருந்தாத கலரில் கருவளையம் கனமாகும், வாயைச் சுற்றி இருக்கும் கருமை தனித் திட்டாகத் தெரியும். பொருந்தும் கலரில் தாடைக் கோடு வெட்டினாற்போல் தெளிவாகும், கண் முதலில் முகத்துக்குப் போகும். கண் துணிக்கே போய்க்கொண்டிருந்தால் அந்தக் கலர் உங்களை விழுங்குகிறது என்று அர்த்தம்.

ஒரே பச்சைதான். தங்கச்சி பட்டுல போட்டா ராணி மாதிரி இருக்கா, நான் சாட்டின்ல போட்டா பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. ஏன்?

கலரைப் பார்க்கிற அளவுக்குத் துணியின் மினுக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. என்னிடம் வருகிற வருத்தங்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் வருகின்றன. கருமையான தோலுக்கு இயல்பாகவே ஒரு மினுமினுப்பு உண்டு. தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிற ஒளி எல்லா நிறத் தோலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வெளிர்ந்த தோலில் உள்ளிருந்தும் நிறைய ஒளி திரும்பி வருவதால் அந்த மினுக்கம் அதில் கரைந்துவிடுகிறது. நம் தோலில் உள்ளிருந்து வரும் ஒளி குறைவு. அதனால் கன்னத்து மேட்டிலும் தோள்முனையிலும் மினுக்கம் தனியாக நின்று அழகாகத் தெரிகிறது. துணி அதற்குத் துணை நிற்க வேண்டும், அதோடு போட்டி போடக் கூடாது.

பாலியெஸ்டர் சாட்டினில் நூல்கள் மேலாக நீளநீளமாக மிதக்கும். அதில் விழுகிற ஒளி ஒரே பக்கமாக மொத்தமாகத் திரும்பும். மேடான இடம் வெள்ளையடித்தது போலவும் மடிப்பு கருப்பாகவும் தெரியும். நீங்கள் ஆசைப்பட்டு எடுத்த பச்சை இரண்டுக்கும் நடுவில் ஒரு கீற்றாகத்தான் மிஞ்சும். மார்பு, வயிறு என்று எங்கெல்லாம் இறுக்கமோ அங்கெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். உங்கள் தங்கை போட்ட பட்டு அப்படி இல்லை. பட்டு நூலின் குறுக்குவெட்டு முக்கோண வடிவம். ஒளி பல திசைகளில் உடைந்து வருவதால் மினுக்கத்திலும் கலர் தங்கியிருக்கும். ரா சில்க்கில் ஆங்காங்கே தடித்த நூல் வருவதால் மினுக்கம் இன்னும் மெதுவாக இருக்கும்.

கிரேப் முறுக்கேறிய நூலில் நெய்வது, மேற்பரப்பு பொடிப்பொடியாக இருக்கும், மினுக்கம் கிட்டத்தட்ட இல்லை. அதில் கலர் முழுதாகத் தெரியும், உங்கள் தோல்தான் மினுங்கும். காட்டனும் மினுங்காது, ஆனால் துவைக்கத் துவைக்க மேலே பஞ்சு எழும்பி ஆழ்ந்த கலர் நரைத்தது போலாகிவிடும். காட்டனில் அரக்கோ நாவல்பழமோ வேண்டுமென்றால் மெர்சரைஸ்டு காட்டன் கேட்டு வாங்குங்கள். அது சாயத்தை ஆழமாகப் பிடிக்கும், லேசான பளபளப்பும் இருக்கும்.

அண்ணன் கல்யாணம். ராத்திரி விருந்து டேவான்ல. மரகதப் பச்சைதான் வேணும்னு ஆசை. எந்தத் துணி எடுக்கட்டும்?

இதைக் கேட்ட பெண் நல்ல கருப்பு, லேசாகச் சிவப்புச் சாயல், உயரம். கையில் மூன்று துணித் துண்டுகளோடு வந்திருந்தார்: சாட்டின், வெல்வெட், ரா சில்க். மூன்றும் ஒரே பச்சை என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் டேவானின் விளக்கைப் பற்றிக் கேட்டேன். மேலே வெள்ளை விளக்கு, மேடையில் மட்டும் மஞ்சள் விளக்கு, மின்விசிறிதான், ஏர்கோன் இல்லை என்றார்.

தலைக்கு மேலே வெள்ளை விளக்கு என்றதும் சாட்டினை ஒதுக்கினோம். மேலிருந்து ஒளி விழும்போது தோளிலும் மார்பிலும் வெள்ளைக் கோடு விழும் என்று மேலே சொன்ன காரணம்தான். வெல்வெட் ஒளியை விழுங்கும், பச்சை அதில் கிணற்று ஆழத்துக்குப் போகும். அவருடைய தோலுக்கு அது மிக அழகாக இருந்தது. ஆனால் மின்விசிறி மட்டும் இருக்கிற இடத்தில் மூன்று மணி நேரம் முழு வெல்வெட் தாங்காது. அதனால் கவுனுக்கு ரா சில்க், கழுத்துப் பட்டைக்கும் கை ஓரத்துக்கும் மட்டும் அதே பச்சை வெல்வெட் என்று முடிவு செய்தோம். முகத்துக்குப் பக்கத்தில் ஆழம், உடம்பில் மெதுவான மினுக்கம்.

வெல்வெட் வெட்டும்போது ஒன்றைக் கவனித்தாக வேண்டும். அதன் மயிர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் எதிர்க்கும். கீழிருந்து மேலே தடவும்போது வழுக்குகிற மாதிரி, அதாவது மயிர் மேல்நோக்கி இருக்கும்படி வெட்டினால் கலர் அடர்ந்து தெரியும். கீழ்நோக்கி வெட்டினால் வெளிறி, பளபளக்கும். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடது கை ஒரு பச்சை, வலது கை ஒரு பச்சை. உங்கள் தையல்காரரிடம் துணி கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். துணியும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

மயில்கழுத்துச் சேலை நிக்கிற இடத்துக்குத் தக்கபடி கலர் மாறுது. எனக்குச் சரியா வருமா?

வரும், நன்றாகவே வரும். பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர் போட்டு நெய்வதால்தான் அப்படி மாறுகிறது. மயில்கழுத்தில் நீலமும் பச்சையும். ஒளி விழுகிற மேட்டில் ஒன்று, மடிப்பில் மற்றொன்று தெரியும். சாட்டினில் வெள்ளையும் கருப்புமாகப் பிரிகிற இடத்தில் இங்கே இரண்டு கலராகப் பிரிகிறது. அதனால் எந்த வெளிச்சத்திலும் கலர் செத்துப்போவதில்லை.

வாங்கும்போது துணியை மடித்து இரண்டு கலரையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுமே தெளிவான கலராக இருக்க வேண்டும். ஒன்று சாம்பலோ மங்கிய பழுப்போ என்றால் தூரத்திலிருந்து மொத்தச் சேலையும் அழுக்காகத் தெரியும்.

ஜோர்ஜெட்ல தைச்சேன். உடம்பு வாடாமல்லி, கை மட்டும் கருஞ்சிவப்பா தெரியுது. துணி மாறிப்போச்சா?

துணி மாறவில்லை. உடம்புப் பகுதிக்கு லைனிங் இருக்கிறது, கைக்கு இல்லை. மெல்லிய துணிக்குள்ளே எது இருக்கிறதோ அந்தக் கலரும் சேர்ந்துதான் வெளியே தெரியும். கையில் உங்கள் தோல் பின்னணியாக இருப்பதால் வாடாமல்லி அடர்ந்துவிட்டது. இதே காரணத்தால்தான் வெளிர் ரோஸ், வெளிர் நீல ஷிஃபோன் கை கருமையான தோல்மேல் சாம்பலாகத் தெரிகிறது. ஆழ்ந்த கலரில் கை லைனிங் இல்லாமல் இருப்பது தனி அழகு, அதை விட்டுவிடலாம். வெளிர் கலர் என்றால் கைக்கும் லைனிங் போடுங்கள்.

லைனிங் கலரும் முக்கியம். வாடாமல்லிக்கு அடியில் வெள்ளை வைத்தால் வெளிறும், கருப்பு வைத்தால் சேறாகும், அதே கலரோ ஒரு படி அடர்ந்ததோ வைத்தால் ஆழம் வரும். இன்னொன்று: கடையில் ‘ஸ்கின் கலர்’ என்று கொடுக்கிற லைனிங்கும் நெட்டும் வெளிர்ந்த தோலுக்கு உரியவை. நம் கையில் அது கட்டுப் போட்டது போல் தெரியும். காப்பி கலர் கேளுங்கள், கருங்காப்பி வரை இருக்கிறது. முழங்கைக்கு உள்பக்கம் வைத்துப் பார்த்து எடுங்கள்.

செம்பனைத் தோட்டத்துல வெயில்ல வேலை. முகமும் முன்கையும் ஒரு நிறம், மேல்கையும் கழுத்தடியும் ஒரு நிறம். எதை வச்சுக் கலர் பார்க்கிறது?

முகத்தை வைத்துத்தான். பார்க்கிறவர்கள் கண் அங்கேதான் போகும். அப்புறம் கழுத்து வெட்டையும் கை நீளத்தையும் நிற மாற்றம் வருகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். முன்கையில் கோடு தெரிந்தால் கை அந்தக் கோட்டைத் தாண்டி முழங்கைக்குக் கீழ் வரட்டும். பிளவுஸ் கழுத்தை அகலமாக வெட்டினால் இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கொஞ்சம் மூடிய கழுத்து நல்லது. அரக்கு, ராயல் நீலம் மாதிரி ஆழ்ந்த கலரில் நிற வித்தியாசம் கண்ணில் படாது. வெளிர் கலரில் எடுத்துக்காட்டும்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமான்னு பார்த்துக் கலர் எடுக்கணும்னு சொல்றாங்க. எனக்கு நரம்பே தெரியலையே?

கருமையான தோலில் அந்தச் சோதனை பயன்படாது, விட்டுவிடுங்கள். ஆனால் சாயல் என்பது உண்மை. நம்மில் செம்மண் சாயல் உள்ளவர்கள் உண்டு, மஞ்சள் சாயல் உண்டு, நீலம் ஓடுகிற கருப்பும் உண்டு. அதைத் துணியால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அஞ்சடியில் நின்று பார்க்கச் சொன்னேனே, அதையே இரண்டு ஜோடியில் செய்யுங்கள்: வாடாமல்லியும் மிளகாய்ச் சிவப்பும், ராயல் நீலமும் மயில்பச்சையும். வாடாமல்லி, ராயல் நீலம் பக்கம் முகம் தெளிந்தால் நீலச் சாயல். மிளகாய்ச் சிவப்பு, மயில்பச்சை பக்கம் தெளிந்தால் செம்மண் அல்லது மஞ்சள் சாயல். இரண்டும் சமமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள், தடை எதுவும் இல்லை.

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குப் போறோம். மஞ்சள் கட்டியே ஆகணும், எனக்கு மஞ்சள் ஆகாது. என்ன செய்ய?

ஆகாதது எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அதில் ஓடும் பச்சை சில தோலில் முகத்தைச் சோர்வாக்கும். மாம்பழ மஞ்சள், பச்சை மஞ்சள் கிழங்கை உடைத்தால் உள்ளே தெரிகிற கலர், சாமந்தி இவற்றில் சிவப்பு கலந்திருப்பதால் கருமையான தோல்மேல் ஒளிரும். வேலை நாளெல்லாம் வெயிலில் நிற்கிறவர்களுக்கும் இவை பொருந்தும். வெயிலில் நடப்பதால் மினுங்காத காட்டன் எடுங்கள். பளபளக்கிற மஞ்சள் துணி தாடைக்கு அடியில் மஞ்சள் ஒளியை எறியும். கரை அரக்காகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் நல்லது.

அம்மாவுக்கு 65 வயசு. நல்ல கருப்பு, தலை முழுக்க நரை. “இந்த வயசுல எனக்கெதுக்கு”னு சாம்பல் கலரே கட்டுறாங்க.

வெள்ளை முடியும் கருமையான முகமும் சேர்ந்தால் இயற்கையிலேயே நல்ல எதிர்ச்சாயல். அந்த முகத்துக்கு ஆழ்ந்த கலர்தான் ஈடு கொடுக்கும். பளிச்சென்று வேண்டாம் என்று கூச்சப்பட்டால் ராமர் பச்சை, நாவல்பழம், அரக்கு எடுத்துக் கொடுங்கள். கிரேப்போ மெல்லிய பட்டோ, சரிகை குறைவாக. அவர்கள் மறுப்பது பெரும்பாலும் மினுக்கத்தைத்தான், கலரை அல்ல. நாவல்பழத்தில் மினுங்காத சேலை ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்திப் பாருங்கள்.

வீட்டுக்காரருக்கு?

இதே விதிதான். ஜிப்பாவுக்கு அரக்கு, ராயல் நீலம், ராமர் பச்சை, துணி ரா சில்க் அல்லது காட்டன். தங்க நிற சாட்டின் ஜிப்பா வேண்டாம். வெள்ளை வேட்டிக்கு மேலே ஆழ்ந்த கலர் சட்டை எடுப்பாக இருக்கும்.

கல்யாணப் படத்துல என் முகம் மட்டும் இருட்டா விழுது. கலர் தப்பா?

பாதி கேமராவின் வேலை. போன் படத்தின் மொத்த வெளிச்சத்தையும் சராசரியாகப் பார்த்துத்தான் அளவு வைக்கும். நீங்கள் வெள்ளையோ சந்தனமோ கட்டியிருந்தால், பின்னால் வெள்ளைச் சுவரும் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மொத்தத்தையும் குறைத்துவிடும். குறைவது முகம். ஆழ்ந்த கலர் கட்டியிருந்தால் போன் வெளிச்சத்தைக் கூட்டும், முகம் தெளியும். எடுக்கிறவர் திரையில் உங்கள் முகத்தைத் தொட்டுவிட்டு எடுத்தாலே நிறைய மாறும்.

ஃபிளாஷ் போட்டால் சாட்டினும் பளீர்ச் சரிகையும் வெள்ளையாக வெடிக்கும். படம் முக்கியம் என்றால் பழைய தங்கம் போல மங்கிய சரிகையாக எடுங்கள். கலரில் மங்கல் வேண்டாம் என்று சொன்னேன், சரிகையில் மட்டும் அது நல்லது.

சேலைக்குப் பொருத்தமா பிளவுஸ் துணி எடுத்தேன். கடையில ஒண்ணா இருந்துச்சு, வெளியே வந்தா ரெண்டு கலர். ஏமாத்திட்டாங்களா?

இல்லை. பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும் போடும் சாயம் வேறு. ஒரு விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரியலாம், பகலில் பிரிந்துவிடும். நாவல்பழம், கத்தரிப்பூ, மயில்கழுத்தில் இது அதிகம். சேலையைக் கையோடு கொண்டுபோய், கடை விளக்கில் ஒரு முறை, அஞ்சடியில் ஒரு முறை பாருங்கள். விழா ராத்திரி என்றால் மஞ்சள் விளக்கிலும் ஒரு முறை. வாட்ஸ்அப் படத்தை வைத்துப் பொருத்தம் பார்க்கவே முடியாது.

மூன்று வெளிச்சத்திலும் ஒட்டவில்லை என்றால் பொருத்தம் தேடுவதையே விட்டுவிடுங்கள். கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இரண்டு நாவல்பழம் பக்கத்தில் நின்றால் ஒன்று பழசு போலத் தெரியும். நாவல்பழச் சேலைக்கு மாம்பழ மஞ்சள், மயில்கழுத்துக்கு வாடாமல்லி, அரக்குக்கு ராமர் பச்சை என்று தைரியமாக எதிர்க் கலர் எடுங்கள். பிளவுஸ்தான் முகத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. சேலையைவிட அதன் கலரைத்தான் கண்ணாடி முன் சோதிக்க வேண்டும்.